இரண்டு புள்ளிகள் உதிர்ந்தால்

மருதனார்மடத்தைச் சுற்றியுள்ள இணுவில், உடுவில், சுன்னாகம் ஆகிய ஊர்களில் எந்த ஒழுங்கையில் நுழைந்தாலும் ஜேர்மனியிலோ சுவிசிலோ பிரான்சிலோ பிள்ளைகள் இருக்கிற வீடு ஒன்றாவது இருக்கும். எண்பதுகளில் தொடங்கி அந்த நாடுகளின் கடிதங்கள் இந்தப் பக்கம் வருகின்றன. அகதி வழக்கின் முடிவு, குடும்ப இணைவு விண்ணப்பத்துக்கான பதில், இறப்புச் சான்றிதழ் என்று பல வகை. பெற்றவர்களுக்கு அந்த மொழி தெரியாது. அதை வாசித்துச் சொல்ல யாரோ ஒருவர் வேண்டும்.

அன்று அந்த ஆள் ஒரு மனிதர். டொச் படித்துத் திரும்பியவராகவோ சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகவோ இருப்பார். மூலக் கடிதத்தையே கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வாசிப்பார். அதிலிருந்து ஒரு வசனத்தை எடுத்து எழுத வேண்டி வந்தால் இங்கிருந்த ஆங்கில ரைப்ரைட்டரில் ä, ö, ü என்ற எழுத்துகள் கிடையாது. அதற்கு வழி இருந்தது. ü வர வேண்டிய இடத்தில் ue என்று அடிப்பது டொச் மொழிக்காரரே ஏற்றுக்கொண்ட முறை. பிரெஞ்சுக் கடிதமென்றால் é எழுத்தின் மேற்கோட்டைப் பேனாவால் போட்டுவிடுவார்கள். இயந்திரத்தால் முடியாத இடம் எது என்று அடித்தவருக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தைக் கை நிரப்பியது.

இன்று கடிதம் வரும் முன்பே அதன் படம் வட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. போட்டோக்கொப்பிக் கடையில் அதைக் கணினியில் ஏற்றுகிறார்கள், அல்லது வீட்டுப் பெடியன் தன் கைபேசியிலேயே எழுத்துணரிக்குக் கொடுக்கிறான். படத்திலுள்ள எழுத்து சில நொடிகளில் தட்டச்சு எழுத்தாகி, அப்படியே தமிழாகவும் மாறிவிடுகிறது. பக்கம் சுத்தமாக இருக்கும். எங்கே எது விடுபட்டது என்பதற்கு ஓர் அடையாளமும் இராது. அன்றைய ரைப்ரைட்டருக்கும் இன்றைய எழுத்துணரிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

ஒரு வசனத்தை எடுத்துப் பார்ப்போம். அகதி வழக்குக் கடிதங்களில் வரக்கூடிய வகை இது:

```
Bei einer Rückkehr nach Sri Lanka würde er verhaftet.
Bei einer Rückkehr nach Sri Lanka wurde er verhaftet.
```

இரண்டுக்கும் இடையில் u எழுத்தின் மேலுள்ள இரண்டு புள்ளிகள்தான் வேறுபாடு. முதலாவது, ‘இலங்கைக்குத் திரும்பினால் அவர் கைதுசெய்யப்படுவார்’ என்கிறது. இரண்டாவது, ‘இலங்கைக்குத் திரும்பியபோது அவர் கைதுசெய்யப்பட்டார்’ என்கிறது. முதலாவதில் இருப்பது எதிர்காலத்தைப் பற்றிய அச்சம். இரண்டாவதில் இருப்பது நடந்து முடிந்த சம்பவம். புள்ளி தொலைந்த வசனத்தை நம்பினால், நடக்காத கைதுக்கு ஊரில் சான்று தேடி அலைய வேண்டி வரும். அதைவிட மோசம், அந்த நம்பிக்கையில் எழுதிய பதில் வழக்காளி முன்பு சொன்ன வாக்குமூலத்தோடு முரண்படும். அகதி வழக்கில் முரண்பாட்டை விடப் பெரிய பகை வேறில்லை.

புள்ளி ஏன் தொலைகிறது? முதற் காரணம் படத்தின் அளவு. எழுத்துணரிக்குக் கொடுக்கும் பக்கத்தை அங்குலத்துக்கு 300 படப்புள்ளி வீதம் ஸ்கான் செய்வது வழக்கம். அப்படிச் செய்தால் கடிதத்தின் 10 புள்ளி எழுத்தில் ü வின் ஒவ்வொரு புள்ளியும் சுமார் நான்கு படப்புள்ளி அகலத்தில் விழும். அதே A4 பக்கம் அனுப்பும் வழியில் 1600 படப்புள்ளி நீளத்துக்குச் சுருங்கினால் அங்குலத்துக்கு 137தான் மிஞ்சும். புள்ளியின் அகலம் இரண்டு படப்புள்ளிக்கும் குறைந்துவிடும். எழுத்தை வாசிக்கும் முன் மென்பொருள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, தூசியைத் துடைக்கும். அந்தத் துடைப்பில் தூசியோடு புள்ளியும் போய்விடலாம்.

இரண்டாவது காரணம் மொழித் தெரிவு. பலரும் பயன்படுத்தும் இலவச எழுத்துணரி டெசரக்ட். ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் 1985 முதல் 1994 வரை உருவாக்கி, 2005இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது அது. மொழியைச் சொல்லாமல் ஓட்டினால் ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ü கிடையாது. ஆகவே படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ü வெறும் u ஆகலாம், அல்லது இரண்டு i ஆகலாம். மொழியைச் சொன்னால் இந்தக் கோளாறின் பெரும்பகுதி தீரும்:

```
tesseract kaditham.png vasanam -l deu
```

எழுத்துப்பிழை திருத்தி இருக்கிறதே என்று கேட்கலாம். மேலே காட்டிய வசனத்திலேயே அதன் எல்லை தெரியும். Rückkehr என்பது Ruckkehr ஆனால் அப்படி ஒரு சொல் இல்லை. திருத்தி உடனே பிடித்துவிடும். würde என்பது wurde ஆனால் அதுவும் சரியான சொல். திருத்தி சும்மா விட்டுவிடும். தீங்கில்லாத பிழைகள் அகப்படுகின்றன, தீங்கானவை தப்பிவிடுகின்றன. குடும்ப இணைவுக் கடிதத்தில் Töchter என்றால் மகள்மார், Tochter என்றால் ஒரு மகள். பிரெஞ்சில் son frère tué என்றால் கொல்லப்பட்ட அவருடைய சகோதரன். கடைசி எழுத்தின் மேற்கோடு போய் tue ஆனால், அவருடைய சகோதரன் கொல்கிறான் என்றாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. எழுத்துணரி தந்த பக்கத்தில் ä, ö, ü எத்தனை என்று தேடிப் பாருங்கள். ஒரு முழுப் பக்க டொச்சில் பத்து இருபதாவது வராமல் இராது. ஒன்றும் இல்லையென்றால் மொழித் தெரிவு தவறிவிட்டது. சில மட்டும் இருந்தால் படத்தின் மேல் சந்தேகப்பட வேண்டும். அடுத்து வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். seine Tochter என்று வந்து வினை பன்மையில் நின்றால் அங்கே Töchter இருந்திருக்கிறது. wurde க்குப் பின் வசனம் verhaftet werden என்று முடிந்தால் அது würde வாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நாம் எடுத்துக்கொண்ட வசனத்தில் அந்த werden இல்லை. அங்கே இலக்கணம் கைகொடுக்காது. மூலக் கடிதம் ஒன்றே சாட்சி.

இந்தச் சிக்கல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. பழைய ஏடுகளில், ஓலை கிழிந்துவிடும் என்று எழுதியவர்கள் புள்ளியை விட்டார்கள். மெய்யெழுத்துக்கும் புள்ளி இல்லை, எகர ஒகரக் குறிலுக்கும் இல்லை. கொடு என்பதும் கோடு என்பதும் ஓலையில் ஒரே உருவம். இங்கிருந்து அதிக தூரமில்லாத சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது, அப்படிப்பட்ட ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் பாடத்தை நிறுத்தினார். புள்ளி இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு சொல்லிலும் தேடினார். நமக்கு வரும் தட்டச்சுப் பக்கம் முழுமையானதுபோல் தோன்றுகிறது. ஆகவே தேடாமல் விடுகிறோம்.

எனவே கடிதம் அனுப்பும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். படத்தைச் சாதாரணப் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பட்டும், அப்போது சுருங்காது. கடையில் கொடுக்கும்போது டொச்சா பிரெஞ்சா என்று சொல்லி, அந்த மொழியில் ஓட்டச் சொல்லுங்கள். தமிழாக்கம் கைக்கு வந்ததும் கைது, மரணம், பிள்ளைகளின் எண்ணிக்கை பற்றிய வசனங்களை மட்டும் மூலப் படத்தைப் பெருப்பித்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அதற்கு டொச் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுத்தின் தலையில் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். வேறுபாடு ஒன்று கண்ணில் பட்டால், பதில் எழுதும் முன் மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.