செக் திரும்பி வந்தால் என்ன எழுதுவது?

ஈரோட்டில் ஒரு மொத்த ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். திண்டுக்கல் வாடிக்கையாளர் ஒருவர் சரக்கு எடுத்ததற்கு ரூ.48,500-க்குக் கொடுத்த செக் ரிட்டர்ன் ஆகிவிட்டது. ஜூன் 12 அன்று வங்கி செக்கையும் ரிட்டர்ன் மெமோவையும் கையில் கொடுக்கிறது. பல வருடப் பழக்கம். கடுமையாகப் பேசினால் வியாபாரம் போய்விடுமோ என்ற தயக்கம் இருக்கும். பேசாமல் விட்டால் பணம் போய்விடும் என்ற பயமும் இருக்கும்.

போனை எடுக்கும் முன் மெமோவைப் படிக்க வேண்டும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றோ, எழுத்தில் ஒரு தொகையும் எண்ணில் வேறொரு தொகையும் இருக்கிறது என்றோ அதில் போட்டிருந்தால், பெரும்பாலும் அது கவனக்குறைவுதான். கணக்கில் போதிய பணம் இல்லை, பணம் தர வேண்டாமென்று வாடிக்கையாளரே நிறுத்தச் சொல்லிவிட்டார், கணக்கே மூடப்பட்டுவிட்டது என்பவை வேறு ரகம். காரணம் தெரியாமல் பேசினால் தவறு செய்யாதவரைப் புண்படுத்திவிடுவோம்.

நம் உதாரணத்தில் காரணம், போதிய இருப்பு இல்லை. அன்றே போனில் இவ்வளவு சொன்னால் போதும்: "அண்ணா, நீங்க குடுத்த செக் ரிட்டர்ன் ஆயிருச்சுங்க. கணக்குல பணம் பத்தலைன்னு மெமோல போட்டிருக்காங்க. என்னைக்கு அனுப்பறீங்கன்னு ஒரு தேதி சொல்லுங்க." குற்றம் சாட்டும் சொல் இதில் ஒன்றுமில்லை. ஆனால் தேதி கேட்டாயிற்று. "பார்த்து அனுப்புங்க" என்று முடித்தால் அது கெஞ்சலாகிவிடும்.

மறுநாள் கடிதம் போக வேண்டும். போன் பேச்சுக்குச் சாட்சி இல்லை. கடிதம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். எங்கள் பில்லுக்காகத் தாங்கள் ஜூன் 5 தேதியிட்டுக் கொடுத்த ரூ.48,500-க்கான காசோலை, கணக்கில் போதிய இருப்பு இல்லை என்ற காரணத்தால் திரும்பி வந்துள்ளது. ஜூன் 12 அன்று எங்களுக்குக் கிடைத்த மெமோவின் நகலை இணைத்துள்ளோம். காசோலைத் தொகையான ரூ.48,500-ஐ ஜூன் 20-க்குள் எங்கள் வங்கிக் கணக்குக்கு நெஃப்ட் மூலமாகவோ டிமாண்ட் டிராஃப்டாகவோ செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். பணம் வந்ததும் காசோலையைத் திருப்பித் தருகிறோம்."

செக் எண்ணையும் பில் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கி பிடித்த ரிட்டர்ன் கட்டணத்தைக் கேட்பதானால் தனி வரியில் கேளுங்கள். செக் தொகையோடு கூட்டி ஒரே தொகையாக எழுதாதீர்கள். விவகாரம் நீதிமன்றம் போனால், நோட்டீஸில் கேட்ட தொகை செக் தொகையோடு அச்சாக ஒத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒத்துப்போகாத நோட்டீஸ் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

மரியாதையாக எழுதுகிறவர்கள் நாள் கணக்கில்தான் ஏமாந்துபோகிறார்கள். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 138-இன்படி, செக் திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் பணம் கேட்டாக வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததும் வாடிக்கையாளருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். நம் கடைக்காரருக்கு ஜூலை 12-தான் கடைசி நாள். அதனால்தான் கடிதத்தில் ஜூன் 20 என்று கெடு வைத்தோம். பணம் வராவிட்டாலும் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்ப மூன்று வாரம் மிச்சமிருக்கும். "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று நான்கு முறை கேட்டுத் தலையாட்டினால் அந்த நாட்கள் கரைந்துவிடும்.

நோட்டீஸுக்கென்று சட்டம் ஒரு படிவம் வகுக்கவில்லை. ஆகவே நீங்கள் எழுதும் இந்தப் பணிவான கடிதமே நோட்டீஸாகக் கருதப்பட இடமுண்டு. அப்போது 15 நாள் கணக்கு இதிலிருந்தே ஓடும். அதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பெற்றுக்கொண்டதற்கான ஆதாரத்தையும் பத்திரப்படுத்துங்கள். வழக்கறிஞரிடம் போகும்போது இந்தக் கடிதத்தையும் காட்டுங்கள்.

"மறுபடி பேங்க்ல போடுங்க, பணம் போட்டு வெச்சிருக்கேன்" என்று அவர் சொன்னால் போடலாம். ஆனால் செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அதற்கு ஆயுள். எந்தத் தேதியில் போடச் சொன்னார் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வியாபாரிகள் குழுவில் செக்கின் படத்தைப் போட்டு மானத்தை வாங்குவதும், போலீஸில் சொல்வேன் என்று மிரட்டுவதும் வேண்டாம். பணத்தை அவை கொண்டுவராது. எதிர்வழக்குக்கு வழி செய்துவிடும்.

பாதிப் பணம் வந்தால் உடனே ரசீது கொடுத்து, மீதிக்குத் தேதி வாங்குங்கள். வந்த பணத்தைக் கழிக்காமல் முழுத் தொகைக்கு அதே செக்கை வங்கியில் போடாதீர்கள். முழுத் தொகையும் கணக்கில் ஏறியதை வங்கி அறிக்கையில் பார்க்கும்வரை, யார் வந்து கேட்டாலும் அசல் செக்கையும் மெமோவையும் கைவிட்டுக் கொடுக்காதீர்கள்.