‘பணம் செலுத்து’ பட்டன் அசையவில்லை

சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கும் ஒரு சின்னக் கடையை எடுத்துக்கொள்வோம். பணம் கட்ட முடியவில்லை என்று சில வாடிக்கையாளர்கள் போனில் சொல்கிறார்கள். கடைக்காரர் தானே ஆர்டர் போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ‘சைட் வேலை செய்யல, உடனே பாருங்க’ என்று அவர் டெவலப்பருக்கு எழுதினால், டெவலப்பரும் திறந்து பார்த்துவிட்டு, ‘எனக்குச் சரியாத்தானே இருக்கு’ என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனாலும் வியாபாரம் அங்கேயே நிற்கும்.

போன் செய்தவரிடம் என்ன தட்டினீர்கள் என்று ஒவ்வொரு கட்டமாகக் கேட்பதுதான் முதல் வேலை. இந்தக் கடைக்காரர் அப்படிக் கேட்டபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. அவர் பின்கோடை 600017 என்று சேர்த்து அடிக்கிறார். வாடிக்கையாளரோ கடித உறையில் எழுதிப் பழகியபடி 600 017 என்று இடைவெளி விட்டு அடித்திருக்கிறார். அதேபோல் அடித்துப் பார்த்ததும் கடைக்காரரின் போனிலும் பட்டன் அசையவில்லை. அதன் பிறகு எழுதிய புகார் இது:

“செக்அவுட் பக்கம், ஆண்ட்ராய்டு போன், குரோம். ஒரு சேலையைக் கூடையில் போட்டேன். பெயர், முகவரி நிரப்பினேன். பின்கோடு கட்டத்தில் 600 017 என்று இடைவெளியோடு அடித்தேன். கட்டத்தில் 600 01 மட்டும் நிற்கிறது. ‘பணம் செலுத்து’ பட்டன் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது, அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. பணம் கட்டும் பக்கம் திறந்திருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் அடித்தால் திறக்கிறது. மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் இப்படித்தான். லேப்டாப்பிலும் இதே கதை. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.”

‘சர்வர் பிரச்சினை’ என்ற ஊகம் இதில் எங்கும் இல்லை. அது இருந்தால் டெவலப்பர் தேவையில்லாத இடத்தில் தேடுவார். கண்ணால் பார்த்தது, நடந்திருக்க வேண்டியது, எப்போது சரியாகிறது என்ற மூன்றும் இருக்கின்றன. மூன்றாவதைத்தான் பெரும்பாலானோர் எழுதுவதில்லை. தேட வேண்டிய இடத்தைச் சுருக்கிக் கொடுப்பதோ அதுதான். 600 01 என்ற அந்தத் துண்டு டெவலப்பரை நேராக இந்த வரிக்குக் கொண்டுபோகும்:

```
<input name="pincode" maxlength="6">
```

ஆறு எழுத்துக்கு மேல் இந்தக் கட்டம் ஏற்காது. இடைவெளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வருவதால் கடைசி 7 வெளியே நின்றுவிடுகிறது. ஆறு இலக்கம் நிரம்பினால்தான் திறக்கும்படி பட்டனை எழுதியிருக்கிறார்கள். நிரம்பவில்லை என்று சொல்ல ஒரு வரிகூட எழுதவில்லை. இடைவெளியை அனுமதித்து, சரிபார்க்கும் முன் அதை நீக்கிவிட்டால் போதும், சின்ன வேலை.

பணம் பிடிபட்டும் ஆர்டர் பதிவாகாத புகார் வேறு வகை. அதற்கு நேரம், தொகை, யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவை வேண்டும். அதை வைத்துத்தான் பேமென்ட் கேட்வே பதிவில் தேட முடியும். எந்தப் புகாரானாலும் வாடிக்கையாளரின் போன் எண்ணையும் முகவரியையும் ஸ்கிரீன்ஷாட்டில் மறைத்துவிட்டு அனுப்புங்கள். கார்டு எண்ணையும் ஓடிபியையும் அவரிடம் கேட்கவே கூடாது.

டெவலப்பர் ‘சரிபண்ணிட்டேன்’ என்றதும் கடைக்காரர் அதே 600 017-ஐ அதே போனில் அடித்துப் பார்க்க வேண்டும். பிறகு 60001 என்று ஒரு இலக்கம் குறைத்தும் அடிக்க வேண்டும். இப்போது பட்டன் திறக்கக் கூடாது. ஏன் திறக்கவில்லை என்பது கட்டத்தின் கீழே தமிழில் தெரிய வேண்டும்.