சாந்தோமிலிருந்து சிங்கப்பூருக்கு: செம்பும் கண்ணாடியும்

ஃபைபர் இணைப்பு ஏன் வேகமாக இருக்கிறது என்று தி. நகர் தெருவில் கேபிள் இழுப்பவர்களைக் கேட்டால், "லைட்டுல போகுது சார், அதான் ஸ்பீடு" என்பார்கள். படித்தவர்களும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் காரணம் அதுவல்ல. வெற்றிடத்தில் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, கண்ணாடிக்குள் நுழைந்ததும் சுமார் 2 லட்சமாகத் தளர்ந்துவிடுகிறது. செம்புக் கம்பியில் போகும் மின் சைகையும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் போகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் யாருக்கும் வெற்றியில்லை.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002இல் போட்ட ஐ2ஐ என்ற கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை ஒளி கடக்க 16 மில்லி விநாடி ஆகும். செம்பில் அனுப்பியிருந்தாலும் முதல் துடிப்பு கிட்டத்தட்ட அதே நேரத்தில் போய்ச் சேரும். போய்ச் சேர்ந்தால்! அங்கேதான் விஷயம் இருக்கிறது.

எந்தக் கம்பியில் எந்தச் சைகையை அனுப்பினாலும் வழியில் தேயும். இந்தத் தேய்மானத்தை டெசிபெலில் அளக்கிறார்கள். 3 டெசிபெல் இழந்தால் பாதி மிச்சம், 10 இழந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 இழந்தால் நூறில் ஒரு பங்கு. அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகியிருக்கும் கேட்-5 கேபிளை எடுத்துக்கொள்வோம். அதில் விநாடிக்கு 10 கோடி தடவை ஏறி இறங்கும் சைகையை அனுப்பினால், 100 மீட்டரில் சுமார் 22 டெசிபெல் போய்விடும். நூற்று அறுபதில் ஒரு பங்குதான் மறுமுனையில் கிடைக்கும். அந்தக் கேபிளை 100 மீட்டருக்கு மேல் இழுக்காதே என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு கிலோமீட்டர் இழுத்தால் இழப்பு 220 டெசிபெல். ஒன்றுக்குப் பின்னால் 22 சைபர் போட்டு அதில் ஒரு பங்கு. கம்பிக்குள் வெப்பத்தால் சும்மாவே எழும் இரைச்சல் அதைவிடப் பல கோடி மடங்கு பெரிது என்பதால், எந்தப் பெருக்கியாலும் அதை மீட்க முடியாது.

நல்ல தொலைத்தொடர்பு ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்கு இழப்பு 0.2 டெசிபெல். அதே 22 டெசிபெல்லை இழக்க ஒளி 110 கிலோமீட்டர் போக வேண்டும். மயிலாப்பூரில் புறப்பட்டால் திண்டிவனத்தை நெருங்கிவிடலாம்.

செம்பு ஏன் இவ்வளவு இழக்கிறது? மின்தடை ஒரு காரணம், ஆனால் அது மட்டுமல்ல. சைகை வேகமாக ஏறி இறங்க இறங்க, மின்னோட்டம் கம்பியின் நடுவை விட்டு விளிம்புக்கு ஒதுங்குகிறது. விநாடிக்கு 10 கோடி அதிர்வில், அரை மில்லிமீட்டர் கம்பியின் மேல்தோலில் சுமார் 7 மைக்ரான் மட்டுமே வேலை செய்யும். உள்ளே இருக்கும் செம்பெல்லாம் வீண். சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையும் தன் பங்குக்குச் சக்தியை விழுங்குகிறது. ஆக, செம்பில் அதிகத் தகவல் அனுப்ப வேண்டுமென்றால் அதிர்வைக் கூட்ட வேண்டும். அதிர்வைக் கூட்டினால் இழப்பு கூடும், இழப்பு கூடினால் தூரம் குறையும். பிராட்பேண்ட் டெலிபோன் கம்பியில் வந்த காலத்தில், எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்துத் தெருக்காரருக்கு 20 மெகாபிட் கிடைத்தால், நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்தவருக்கு இரண்டு மூன்றே மிஞ்சியது. ஒரே கட்டணம், ஒரே செம்பு. தூரம்தான் வேறு.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான இதே கடலில் செம்பு போட்டுப் பார்த்த காலமும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் தந்தி கம்பெனி 1870–71இல் மதராசிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் தந்திக் கேபிள் இறக்கியது. நடுவில் செம்பு, அதைச் சுற்றி மலாய்க் காடுகளின் மரப்பாலில் செய்த கட்டாபெர்ச்சா, அதற்கு மேல் இரும்புக் கவசம், வெளியே உப்புத் தண்ணீர். உள்ளே ஒரு கடத்தி, வெளியே கடல் என்ற இன்னொரு கடத்தி, நடுவில் மின்கடத்தாப் பொருள். ஆக, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மின்தேக்கியையே கடலுக்கடியில் படுக்க வைத்துவிட்டார்கள். ஒரு முனையில் சட்டென்று தட்டும் துடிப்பு முதலில் அந்தத் தேக்கியை நிரப்ப வேண்டும். அதனால் மறுமுனையில் அது மெதுவாக எழுந்து மெதுவாக விழும். முந்தையது அடங்குவதற்குள் அடுத்ததைத் தட்டினால் இரண்டும் கலந்துவிடும். நீளம் இரண்டு மடங்கானால் இந்தத் தாமதம் நான்கு மடங்காகும் என்று வில்லியம் தாம்சன் 1850களிலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். 1866இல் வெற்றி பெற்ற அட்லாண்டிக் கேபிளில் நிமிடத்துக்குச் சுமார் எட்டுச் சொற்கள் போயின. தந்திக்கு அது போதும். பேச்சுக்கே போதாது, படத்துக்கு எங்கே போவது?

கண்ணாடிக்கு வருவோம். ஜன்னல் கண்ணாடியை விளிம்புப் பக்கமாகப் பாருங்கள், பச்சையாகத் தெரியும். கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பு ஒளியைத் தின்பதன் அடையாளம் அது. 1960களில் கிடைத்த நல்ல கண்ணாடியிலேயே கிலோமீட்டருக்கு 1,000 டெசிபெல் அளவில் இழப்பு இருந்தது. அதாவது பத்து மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. செம்பைவிட மோசம். இங்கிலாந்தில் வேலை பார்த்த சார்லஸ் காவோ 1966இல், இது கண்ணாடியின் குணமல்ல, அழுக்கின் குணம் என்றார். சுத்தப்படுத்தி 20 டெசிபெல்லுக்குக் கொண்டுவந்தால் தொலைபேசிக்குப் பயன்படுத்தலாம் என்பது அவர் கணக்கு. 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 17ஐத் தொட்டது. காவோவுக்கு நோபல் பரிசு வர 2009 ஆயிற்று.

அழுக்கையெல்லாம் நீக்கிய பிறகும் ஓர் இழப்பு மிஞ்சும். கண்ணாடி உறையும்போது அதன் அணுக்கள் ஒரே சீராக அமைவதில்லை. அந்த நுண்ணிய ஏற்றத்தாழ்வில் பட்டு ஒளி சிதறுகிறது. மெரினாவில் தலைக்கு மேல் வானத்தை நீலமாக்குவதும் இதே வகைச் சிதறல்தான். நீலம் அதிகம் சிதறும், சிவப்பு குறைவாகச் சிதறும். அலைநீளம் இரண்டு மடங்கானால் சிதறல் பதினாறில் ஒன்றாகக் குறையும். அதனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குப் போனார்கள். ரொம்பவும் தள்ளிப் போனால் கண்ணாடியே அந்த ஒளியை உறிஞ்சத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில், 1550 நானோமீட்டர் பக்கத்தில், இழப்பு மிகக் குறைவான பள்ளம் இருக்கிறது. தொலைதூர ஃபைபரெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் ஓடுகிறது.

தகவல் ஏன் அதிகம் போகிறது என்பதற்கும் பதில் அங்கேயே இருக்கிறது. டெலிபோன் கம்பி பிராட்பேண்டுக்குக் கிடைத்த அதிர்வெண் அகலம் 2.2 மெகாஹெர்ட்ஸ். 1550ஐ ஒட்டிய ஒரே ஒரு பட்டையின் அகலம் 4 டெராஹெர்ட்ஸுக்கு மேல். ஏறக்குறைய 20 லட்சம் மடங்கு. அதைவிட முக்கியம், அந்த அகலம் முழுவதிலும் இழப்பு கிட்டத்தட்ட ஒரே அளவு. சைகையை வேகப்படுத்தியதற்காகச் செம்பு கேட்கும் அபராதத்தைக் கண்ணாடி கேட்பதில்லை. அதனால் ஒரே இழையில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறங்களை, ஒவ்வொன்றிலும் தனித்தனித் தகவலை ஏற்றி அனுப்பலாம். ஐ2ஐ கேபிளின் கணக்கு அப்படிப்பட்டது: எட்டு ஜோடி இழைகள், ஜோடிக்கு 105 நிறங்கள், நிறத்துக்கு 10 கிகாபிட். பெருக்கினால் 8.4 டெராபிட்.

ஆனாலும் 3,200 கிலோமீட்டருக்கு 0.2 வீதம் 640 டெசிபெல். கண்ணாடியும் தோற்கும் தூரம் அது. ஆகவே சில பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு முறை, எர்பியம் கலந்த இழை உள்ள பெருக்கி ஒன்றைக் கடலடியில் வைக்கிறார்கள். ஒளியை மின்சாரமாக மாற்றாமல், எல்லா நிறங்களையும் ஒருசேர ஒளியாகவே அது பெருக்கிவிடும். அந்தப் பெருக்கிகளுக்குக் கடலுக்கடியில் மின்சாரம் யார் தருவது? கரையிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட்டில், அதே கேபிளுக்குள் ஓடும் செம்புக் குழாய் வழியாகத்தான் அனுப்புகிறார்கள். செய்தி கண்ணாடியில், சாப்பாடு செம்பில்.

ஊருக்குள் நிலைமை வேறு. எக்ஸ்சேஞ்சிலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி மாட வீதிப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒளி +3 டிபிஎம் பலத்தில் புறப்படுகிறது. 4 கிலோமீட்டர் கண்ணாடி தின்பது ஒரு டெசிபெல் அளவுதான். ஆனால் ஓர் இழையை 32 வீடுகளுக்குப் பங்கு போடும் ஸ்பிளிட்டர் 17ஐ எடுத்துக்கொள்ளும். ஒட்டுகளுக்கும் கனெக்டர்களுக்கும் இன்னொரு 2. வீட்டுக்கு வருவது மைனஸ் 17. பொருத்த வருபவர் பவர் மீட்டரைச் செருகி, "மைனஸ் பதினேழு, சூப்பர் சார்" என்பார். மைனஸ் 27ஐத் தாண்டினால் பெட்டிக்குக் கண் தெரியாது, எல்.ஓ.எஸ் விளக்கு சிவப்பாக மினுக்கும்.

நடுவில் அந்தப் பத்து டெசிபெல் எங்கே தொலையும்? நான் பார்த்தவரை பெரும்பாலும் வளைவில். ஒளி ஓடும் நடுத்தண்டின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். சுற்றியுள்ள கண்ணாடியைவிட அது ஒளியை ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே கூடுதலாக வளைக்கிறது. அந்தச் சின்ன வித்தியாசத்தை நம்பித்தான் ஒளி உள்ளேயே எதிரொளித்துக்கொண்டு போகிறது. கேபிளை ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டினாலும், கதவிடுக்கில் மடக்கினாலும் அந்தக் கோணம் கெட்டு ஒளி வெளியே கசிந்துவிடும். மிச்ச கேபிளைச் சுருட்டும்போது உள்ளங்கை அகலத்துக்குக் குறையாமல் சுருட்டச் சொல்லுங்கள்.

தெருவில் லாரி மாட்டி அறுத்துவிட்டால் வேறு கதை. எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க, ஓடிடிஆர் என்ற கருவி சின்ன ஒளித்துடிப்பு ஒன்றை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். வானத்தை நீலமாக்கும் அதே சிதறலில் கொஞ்சம் ஒளி திரும்பி வரும். அறுந்த இடத்துக்கு அப்பால் எதுவும் வராது. எட்டு மைக்ரோ விநாடியோடு திரும்புவது நின்றுவிட்டால், கோளாறு சுமார் 800 மீட்டரில். அங்கே போய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, உறையை உரித்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நுனியைச் செங்குத்தாக வெட்டி, இரண்டு நுனிகளையும் மின்பொறியில் உருக்கி ஒட்டுவார்கள். கருவியின் திரையில் 0.02 என்று வந்தால் நல்ல ஒட்டு. தூசி பட்டிருந்தால் 0.3, 0.5 என்று காட்டும். வெட்டி மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.

செம்பு ஒன்றில் மட்டும் இன்னும் ஜெயிக்கிறது. பழைய லேண்ட்லைனுக்கான 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பியில் வந்ததால், வீட்டில் கரண்ட் போனாலும் போன் அடித்தது. ஃபைபர் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போகும் தெருவில் இருப்பவர்கள், பெட்டிக்கென்று 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் தெரு இருண்டாலும் இணைப்பு மணிக்கணக்கில் நிற்கும்.