நம்ம வீடு நம்ம கணக்கு – 7
லோடு கணக்கும் கால் இஞ்சு கணக்கும்

சென்ற வாரம் அஸ்திவாரத்தையும் அதன்மேல் வரும் பெல்ட் கான்கிரீட்டையும் முடித்தோம். இனி சுவர். சுவர் என்றதும் வீடு கட்டுகிறவர் கொத்தனாரிடம் முதலில் கேட்பது, “எத்தனை லோடு கல்லு வேணும்?” என்பதுதான். அவரும் வாயிலேயே ஒரு கணக்குச் சொல்லுவார். உடைவுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்பார். அனுபவத்தில் வந்த கணக்கு என்பதால் பெரும்பாலும் ஒத்துவரும். ஒத்துவராத இடங்களும் உண்டு. அங்கே காரணம் உடைவாக இருப்பது குறைவு. கல்லின் உயரம்தான் அதிகம் கைவிடுகிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கடைசிவரை கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோவாளை வட்டாரத்தில் ஒரு சிறிய தரைத்தள வீடு. ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர்ப் பக்கத்துச் சூளைகளிலிருந்து கல் வருகிறது. எல்லாம் ஒன்பது இஞ்சுச் சுவர். சுவரின் நடுக்கோட்டில் அளந்த மொத்த நீளம் 110 அடி, உயரம் 10 அடி. ஆக 1,100 சதுர அடி. இதில் 3க்கு 7 அடியில் நான்கு வாசல் 84 சதுர அடி, 4க்கு 4 அடியில் ஆறு ஜன்னல் 96 சதுர அடி, சுவர் முழுக்க ஓடும் அரையடி லிண்டல் 55 சதுர அடி. இவற்றைக் கழித்தால் கல் கட்ட வேண்டியது 865 சதுர அடி.

ஒரு சதுர அடிக்கு எத்தனை கல் என்பதைக் கல்லை அளந்துதான் சொல்ல முடியும். 9 இஞ்சு நீளம், 3 இஞ்சு உயரம் உள்ள கல்லுக்கு, இடையில் வரும் கலவை சீராக ⅜ இஞ்சு என்று வைத்துக்கொண்டால், சுவர் முகத்தில் ஒரு கல் 9⅜க்கு 3⅜ இஞ்சு இடம் பிடிக்கும். ஒன்பது இஞ்சுச் சுவரில் அந்த இடத்துக்குப் பின்னால் இன்னொரு கல் இருக்கிறது. ஆக ஒரு சதுர அடிக்கு 9.1 கல். நம் வீட்டுக்குச் சுமார் 7,870 கல்.

இப்போது கல்லின் உயரம் 3 இஞ்சுக்குப் பதில் 2¾ இஞ்சு என்று வையுங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் சதுர அடிக்கு 9.1 என்பது 9.83 ஆகிவிடும். அதே வீட்டுக்கு 8,500 கல் வேண்டும். 630 கல் கூடுதல், அதாவது நூற்றுக்கு எட்டு. உடைவுக்கென்று சேர்க்கச் சொன்ன ஐந்தைவிட இது அதிகம். ஒரு கல்கூட உடையாமல் வந்து சேர்ந்தாலும், கால் இஞ்சு குறைந்த கல் சுவரை முடிக்க விடாது. அதற்குமேல் வரிசை கூடுவதால் கலவையும் கூலியும் ஏறும்.

ஒரு கல்லை மட்டும் அளந்தால் இது பிடிபடாது. சூளையில் ஒரே அட்டியிலேயே கல்லுக்குக் கல் கொஞ்சம் மாறும். அச்சு தேய்ந்திருக்கலாம், காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்குவதும் ஒன்றுபோல் இருக்காது. அதனால்தான் செங்கலுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1077, இருபது கல்லைச் சேர்த்து வைத்து அளக்கச் சொல்கிறது. 70 மில்லிமீட்டர் உயரக் கல் என்றால் இருபதும் சேர்ந்து 1,360 முதல் 1,440 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நாமும் அதையே செய்யலாம். அட்டியின் வெவ்வேறு இடங்களிலிருந்து இருபது கல்லை எடுத்து, பக்கவாட்டில் நிறுத்தி ஒட்டி ஒட்டி வைத்து டேப் பிடியுங்கள். 60 இஞ்சு வந்தால் அது மூன்று இஞ்சுக் கல். 55 வந்தால் இரண்டே முக்கால். இதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சூளையில் செய்ய வேண்டும்.

இனி லோடு. நம் பக்கம் ஒரு லோடு என்றால் மூவாயிரம் என்றுதான் பேச்சு. ஆனால் லோடு என்பது எண்ணிக்கை அளவு அல்ல, அதை முடிவு செய்வது எடை. மேலே சொன்ன அளவுக் கல் காய்ந்த நிலையில் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். 3.1 கிலோ என்று வைத்தால் 3,000 கல் 9.3 டன். இரண்டு ஆக்சில் லாரிக்கு வண்டியும் சுமையும் சேர்த்து 16.2 டன் என்றிருந்த வரம்பு 2018 ஜூலையில் 18.5 டன்னாக உயர்ந்தது. ஆனாலும் குறிப்பிட்ட வண்டி எவ்வளவு ஏற்றலாம் என்பது அதன் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று வண்டி எடையைக் கழித்தால் கிடைப்பதுதான். மழையில் நனைந்த கல் தன் எடையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு தண்ணீர் குடித்திருந்தால், அதே மூவாயிரம் 10.7 டன். சிறிய வண்டியில் அதைச் சரிக்கட்ட எண்ணிக்கைதான் குறையும். ஆகவே விலை பேசும்போது ‘லோடுக்கு இவ்வளவு’ என்று பேசாமல் ‘ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு, வண்டியில் இத்தனை கல்’ என்று பேசுவதே சரி. உடைவு யார் கணக்கில் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடலாம்.

முதல் லோடு இறங்குகிற அன்று வீட்டுக்காரர் கண்டிப்பாகக் கூட நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கொத்தனார் எல்லோரிடமும் சொல்வது: “கல்லு எறக்கும்போ பக்கத்துல நில்லுங்க அண்ணாச்சி. எல்லாம் கலந்த பொறவு எண்ணுனா ஒரு கணக்கும் கிட்டாது.” கையால் இறக்கி அட்டி போட்டால் எண்ணவும் முடியும், உடைவும் குறையும். டிப்பரில் கொட்டினால் இறக்குகூலி மிச்சம்தான். ஆனால் விளிம்பு சிதைந்த கல் எத்தனை என்று பிறகுதான் தெரியும். மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் பக்கம் மேடு பள்ளமான ஒடுங்கிய வழிகளில் பெரிய வண்டி வீடுவரை போகாது. ரோட்டில் இறக்கி, மினி லாரியில் மறுபடி ஏற்றி, மறுபடி இறக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு கல்லும் இரண்டு தடவை கைமாறுவதால், தோவாளையில் கட்டுகிறவரின் உடைவுக் கணக்கு விளவங்கோட்டில் கட்டுகிறவருக்குப் பொருந்தாது.

இறக்கும்போது கல்லை நான்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். முழுக்கல், இரண்டாக உடைந்தது, பொடிந்தது, எண்ணிக்கையில் குறைந்தது. நம் வீட்டுக்கு வந்த முதல் லோடில் 3,000க்கு முழுக்கல் 2,848, இரண்டாக உடைந்தது 80, பொடிந்தது 54, வராதது 18 என்று வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் 152 கல் போயிற்று, நூற்றுக்கு ஐந்து. ஆனால் அந்த 80 கல் போகவில்லை. வாசல், ஜன்னல் ஓரங்களிலும் மூலைகளிலும் இணைப்பு ஒன்றின்மேல் ஒன்று வராதபடி மாற்றிக் கட்ட, ஒன்றுவிட்ட வரிசையில் சிறு துண்டு வைத்தாக வேண்டும். உடைந்த அரைக்கல்லை நீளவாக்கில் பிளந்தால் அந்தத் துண்டு கிடைத்துவிடும். நம் வீட்டில் வாசல், ஜன்னல் ஓரங்களுக்கு மட்டும் 180க்கு மேல் அரைக்கல் வேண்டும். எட்டு மூலைகளுக்கு 280 போல. மொத்தம் 460 அரைக்கல், அதாவது 230 முழுக்கல். மூன்று லோடில் இரண்டாக உடைந்து வருவது 240. ஏறக்குறைய சரியாகப் போகிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கொத்தனார் முழுக்கல்லை வெட்டாமல் உடைந்ததை எடுக்க வேண்டும். முழுக்கல் அட்டி பக்கத்தில் இருந்து, உடைந்தது முற்றத்தின் மூலையில் கிடந்தால் யாரும் நடந்துபோய் எடுக்க மாட்டார்கள். உடைந்ததைச் சாரத்துக்குப் பக்கத்தில் தனியாக அடுக்கி வைப்பது சித்தாளுக்கு முதல்நாளே சொல்ல வேண்டிய வேலை. பொடிந்தது தரைக்கு அடியில் நிரப்ப உதவும். ஆனால் சுவர்க் கணக்கில் அது நஷ்டம்தான்.

உடைந்த கல்லைக் கையில் எடுத்து உடைப்பு முகத்தையும் பாருங்கள். வழியில் உடைந்தது என்றால் முகம் பளிச்சென்று சிவந்து, தொட்டால் புதுப்பொடி ஒட்டும். முகத்தில் புழுதியோ கரியோ படிந்திருந்தால் அது ஏற்றும் முன்பே உடைந்த கல். அதைச் சூளைக்காரர் கணக்கில் கேட்கலாம். உள்ளே மட்டும் வெளிறி மண் நிறமாக இருந்து நகத்தால் கீறவும் வந்தால் கல் வேகவில்லை. வெந்த கல் இரண்டை மோதினால் கணீரென்று கேட்கும், வேகாதது மந்தமாகக் கேட்கும். அப்படிப்பட்ட லோடுக்கு உடைவுக் கணக்கைக் கூட்டிப் பயனில்லை. திருப்பி அனுப்புவதே வழி.

ஆக உண்மையான நஷ்டம் 54ம் 18ம் சேர்ந்து 72, நூற்றுக்கு 2.4. கட்டும் இடத்தில் வெட்டும்போதும் சாரத்தில் ஏற்றும்போதும் போவதற்கு ஒன்றரை சேர்த்தால் நான்கு. நூறு வாங்கினால் 96தான் சுவரில் ஏறுகிறது என்பதால், வேண்டிய எண்ணிக்கையை 0.96ஆல் வகுக்க வேண்டும். மூன்று இஞ்சுக் கல் என்றால் 8,200. இரண்டே முக்கால் என்றால் 8,850.

இந்த இரண்டாவது எண்ணுக்கு மூன்று லோடு கச்சிதம், மிஞ்சுவது 150. முதல் எண்ணுக்கு மூன்று லோடு வாங்கினால் 800 மிஞ்சும். மூன்றாவது வண்டியை 2,200 கல்லோடு வரச் சொல்லலாம். ஆனால் வண்டி வாடகை நடைக்குத்தானே, கல் குறைந்தாலும் அது குறைவது அரிது. மாடிக் கைப்பிடிச் சுவர் கட்டப்போகிறீர்கள் என்றால் அந்த 800 கல்லில் நாலரை இஞ்சுச் சுவர் 170 சதுர அடி போலக் கட்டிவிடலாம். அப்போது முழு லோடே லாபம். வேறு எந்தக் கட்டுமானமும் இல்லையென்றால் 2,200 போதும்.

துண்டுவிழாமல் பார்ப்பதில் நம் மாவட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. பச்சைக்கல் காயாது, திறந்தவெளிச் சூளை நின்றுபோகும். செப்டம்பர் கடைசியில் 200 கல் குறைகிறது என்று கண்டுபிடித்தால், கிடைப்பது வேறு சூளைக் கல்லாக இருக்கும். அளவு மாறினால் வரிசை மட்டம் மாறும். 200 கல்லுக்கு ஒரு நடை வாடகையும் கொடுக்க வேண்டிவரும்.

எனவே மூன்று லோடையும் ஒரே நாளில் சொல்லிவிடாதீர்கள். சூளையில் இருபது கல்லை அளந்து முதல் இரண்டு லோடு எடுங்கள். இரண்டையும் எண்ணிப் பிரித்து, உங்கள் வீட்டின் நஷ்ட விகிதத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். சுவர் ஜன்னல் மட்டம் வந்ததும், கட்டிய சதுர அடியையும் ஏறிய கல்லையும் ஒத்துப் பாருங்கள். மூன்றாவது வண்டியில் எத்தனை என்று அப்போது சொன்னால் போதும். அதே சூளையில், அதே வேக்காட்டுக் கல்லில் அத்தனையை ஒதுக்கிவைக்க மட்டும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம்: கலவைக்கு மணல் – எம்.சாண்ட் அளக்கும்போது கவனிக்க வேண்டியவை.