நூறு சிப்பம் வெல்லம்

பொங்கல் வியாபாரத்துக்காக மளிகைக் கடைக்காரர் செல்வி, மொத்த வியாபாரி கணேசனிடம் 100 சிப்பம் வெல்லம் பேசி முடிக்கிறார். 30 கிலோ சிப்பம் 1,500 ரூபாய். 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. ஜனவரி 8ஆம் தேதி சரக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். மூட்டைகளை அடுக்க 6,000 ரூபாய்க்கு ஒரு குடோனும் பிடித்துவிட்டார்.

8ஆம் தேதி போன லாரி வெறுமனே திரும்பியது. அதற்கு வாடகை 2,000. விலை ஏறிவிட்டதால் கணேசன் சரக்கை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். "இனி என்னிடம் எதிர்பார்க்காதீங்கம்மா" என்று சொல்லியும் விட்டார். அன்று அதே ஊர்ச் சந்தையில் சிப்பம் 1,800. சரக்கும் தாராளமாகக் கிடைத்தது. செல்விக்கு மனசு கேட்கவில்லை. விலை இறங்கும் என்று காத்திருந்து, போகிக்கு முந்தின நாள் 2,100 கொடுத்து வாங்கினார்.

இப்போது அவர் கேட்பது 88,000 ரூபாய்: விலை வித்தியாசம் 60,000, அட்வான்ஸ் 20,000, குடோன் 6,000, லாரி 2,000. சட்டப்படி எவ்வளவு கிடைக்கும்?

இதற்கான விதி, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவில் இருக்கிறது. நஷ்டஈடு என்பது வாக்குத் தவறியவருக்குத் தண்டனை என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் பார்ப்பது வேறு: கணேசன் சொன்னபடி சரக்கைக் கொடுத்திருந்தால் செல்வி எந்த நிலையில் இருந்திருப்பாரோ, பணத்தால் முடிந்தவரை அந்த நிலையில் அவரை நிறுத்துவது. இதுதான் எதிர்பார்ப்பு இழப்பு. அந்தப் பிரிவின் முதல் உதாரணமே வெடியுப்பு வியாபாரம்தான். பேசிய விலைக்கும், சரக்கு வந்திருக்க வேண்டிய நாளின் விலைக்கும் உள்ள வித்தியாசம் வாங்குபவருக்குச் சேரும். செல்விக்குச் சிப்பத்துக்கு 300 வீதம் 30,000. அட்வான்ஸ் தனியாகத் திரும்ப வரும்.

சரிபார்த்துவிடலாம். 8ஆம் தேதி சந்தையில் வாங்கியிருந்தால் 1,80,000 ஆகியிருக்கும். அட்வான்ஸோடு சேர்த்துக் கையைவிட்டுப் போனது 2,00,000. அதில் 50,000 திரும்பினால், நூறு சிப்பத்துக்கு அவர் செலவு 1,50,000. பேசிய விலை அதேதான்.

மீதி 30,000? 73ஆம் பிரிவின் விளக்கம் இங்கே குறுக்கே நிற்கிறது. ஒப்பந்தம் முறிந்ததால் வந்த சிரமத்தைச் சரிசெய்ய என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது அது. 1,800க்குச் சரக்கு கண்ணெதிரே இருந்தது. அதற்குப் பிறகு ஏறிய 300 ரூபாய், செல்வி காத்திருந்ததால் வந்தது. அதைக் கணேசன் தலையில் கட்ட முடியாது. இதில் செல்வியிடம் அளவுக்கு மீறி எதையும் சட்டம் எதிர்பார்ப்பதில்லை. பக்கத்துச் சந்தையில் சரக்கே இல்லாமல் நாலு நாள் அலைந்து 2,100க்கு வாங்கியிருந்தால், அந்த விலையைக் கேட்க அவருக்கு நியாயம் இருந்திருக்கும். சமாளிக்க வழி இருந்தும் சமாளிக்கவில்லை என்று காட்டவேண்டியது பொதுவாகக் கணேசன்தான்.

குடோன் வாடகைதான் பலர் தடுமாறும் இடம். ஒப்பந்தத்தை நம்பிச் செய்த செலவு அது. கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் சரக்கு ஒழுங்காக வந்திருந்தாலும் அந்த 6,000 செலவாகியிருக்கும். வித்தியாசத்தையும் வாங்கி வாடகையையும் வாங்கினால், செல்விக்குக் குடோன் இலவசமாகிவிடும். லாரி அப்படியல்ல. சரக்கெடுக்க ஒரு லாரி போதும் என்றிருந்த இடத்தில் இரண்டாவது லாரி பிடிக்கவேண்டி வந்தது. அந்த 2,000 கிடைக்கும். ஆக மொத்தம் 52,000.

அப்படியானால் நம்பிச் செய்த செலவை எப்போதுதான் கேட்கலாம்? லாபம் எவ்வளவு வந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாதபோது. இங்கிலாந்தில் ஆங்லியா டெலிவிஷன் நிறுவனம் ஒரு படத்துக்கு அமெரிக்க நடிகர் ராபர்ட் ரீடை ஒப்பந்தம் செய்தது. அவர் விலகிக்கொள்ள, படமே நின்றுபோனது. எடுக்காத படத்தின் லாபத்தை எப்படி நிரூபிப்பது? நிறுவனம் லாபத்தை விட்டுவிட்டு, வீணான செலவை மட்டும் கேட்டது. 1971இல் நீதிமன்றம் 2,750 பவுண்டு கொடுத்தது. லாபம் அல்லது செலவு, ஏதாவது ஒரு வழியைத்தான் பிடிக்க வேண்டும்.

செல்வியின் 30,000க்கும் ஒரு ஆபத்து உண்டு. 8ஆம் தேதி, அந்தச் சந்தையில், விலை 1,800 என்று அவர் நிரூபிக்க வேண்டும். முரளிதர் சிரஞ்சிலால் வழக்கில், கான்பூரில் ஒப்படைக்கவேண்டிய கேன்வாஸ் துணி வந்துசேரவில்லை. வாங்குபவர் கல்கத்தா விலையை வைத்து வித்தியாசம் கேட்டார். ஒப்பந்தம் முறிந்த நாளில் கான்பூரில் என்ன விலை என்பதற்கு அவரிடம் சாட்சியம் இல்லை. விற்பவர் ஒப்பந்தத்தை மீறியது உண்மை என்றாலும், 1961இல் உச்ச நீதிமன்றத்தில் அந்த நஷ்டஈட்டுக் கோரிக்கை தோற்றது. 8ஆம் தேதி வேறொரு வெல்ல மண்டிக்காரரிடம் விலை கேட்டு, தேதியோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கியிருந்தாலே செல்விக்குப் பாதி வேலை முடிந்திருக்கும்.