இரட்டை நுனியில் ஒரு தடம்

வரப்பில் ஊர்ந்து போகும் சாரைப்பாம்பைச் சற்றுத் தள்ளி நின்று கவனித்தால், முதலில் கண்ணில் படுவது அதன் நாக்குதான். நீளும், மேலும் கீழும் படபடக்கும், உள்ளே போகும். சிறிது நகர்ந்ததும் மறுபடி நீளும். கடிக்கப் போவதால்தான் நாக்கை நீட்டுகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். நாக்கில் நஞ்சு இருப்பதாக நம்புவோரும் உண்டு. இரண்டுமே தவறு. அந்த மெல்லிய தசையால் நம் தோலில் ஒரு கீறல்கூடப் போட முடியாது. பாம்பு நாக்கை நீட்டுவது மோப்பம் பிடிக்க.

மோப்பத்துக்கு மூக்கு இருக்கிறதே? இருக்கிறது, நன்றாக வேலையும் செய்கிறது. ஆனால் காற்றில் மிதந்து வரும் வாசனையை மட்டுமே மூக்கால் பிடிக்க முடியும். ஓர் எலி ஓடிய பாதையில், மண்ணிலும் சருகிலும் ஒட்டிக்கிடக்கும் பொருள்கள் பலவும் எளிதில் ஆவியாவதில்லை. அவற்றை யாராவது எடுத்து வந்து கொடுக்க வேண்டும். நாக்கு செய்வது அந்த வேலையைத்தான். அது சுமந்து வருவதைப் பகுத்தறிவது மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பு. 1813இல் இதைப் பற்றி விரிவாக எழுதிய டென்மார்க் மருத்துவர் லுட்விக் ஜேக்கப்சனின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

நாக்கு வெளியே வரும்போது பாம்பு வாயைத் திறப்பதில்லை. மேலுதட்டின் நடுவிலுள்ள சிறு பள்ளமே அதற்கு வாசல். தரையைத் தொட்டால், ஈர நுனிகளில் அங்குள்ள துகள்கள் ஒட்டிக்கொள்ளும். தரையைத் தொடாமல் வெறும் காற்றில் படபடப்பதும் வீணல்ல. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் கர்ட் ஷ்வெங்க்கும் வில்லியம் ரயர்சனும் காற்றின் ஓட்டத்தைப் படமெடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு படபடப்பும் நாக்கின் இரு பக்கமும் சிறு சுழல்களை எழுப்பி, புதிய காற்றை நுனிகளை நோக்கி இழுத்து வருகிறது.

உள்ளே திரும்பிய பிறகு என்ன நடக்கிறது என்பதில் நெடுநாள் ஒரு தப்பெண்ணம் இருந்தது. மேலண்ணத்தில் இரண்டு சிறு துளைகள், நாக்குக்கும் இரண்டு நுனிகள். ஆகவே நுனிகளைத் துளைகளுக்குள் நுழைக்கிறது என்று எழுதிவிட்டார்கள். எக்ஸ்ரே படச்சுருள் அதைப் பொய்யாக்கியது. நாக்கு மேலே போவதேயில்லை, நேராகத் தன் உறைக்குள் சுருங்கிவிடுகிறது. வாயின் அடியிலுள்ள மென்மையான திட்டுகள் நாக்கிலிருந்து துகள்களை வாங்கி, மேலெழுந்து துளைகளில் ஒற்றுகின்றன என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

இரண்டு நுனிகள் எதற்கு? ஷ்வெங்க் 1994இல் இதற்குத் தந்த விடை தெளிவானது. ஒரு காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால் அந்தப் பக்கம் நாம் திரும்புவதுபோல, எந்த நுனியில் வாசம் கனமோ அந்தப் பக்கம் பாம்பு திரும்புகிறது. தடத்தின் ஓரத்துக்கு வந்ததும் ஒரு நுனி வெறுமையாகிவிடும். உடனே தலை மறுபக்கம் வளையும். 1930களில் ஜெர்மானிய ஆய்வாளர் ஒருவர் பிளவுப் பகுதியை மட்டும் வெட்டி நீக்கிப் பார்த்தார். அந்தப் பாம்புகளால் தடம் பிடித்துச் செல்ல முடியவில்லை. கொடுமையான சோதனைதான், ஆனால் பிளவின் பயனை அது தெளிவாகக் காட்டியது. நம் ஊர் உடும்புக்கும் இதே இரட்டை நுனி உண்டு. அதுவும் மோப்பம் பிடித்தே இரை தேடும் விலங்கு.

ஊரும்போது நாக்கு ஓயாததற்குக் காரணமும் இதுதான். தலை நகர நகர எதிரே வருவது புதிய மண், புதிய காற்று. சற்றுமுன் எடுத்த செய்தி அடுத்த அடிக்கு உதவாது. இரைக்காகப் பதுங்கி அசையாமல் கிடக்கும் பாம்பு வெகுநேரம் நாக்கை நீட்டாமலே இருப்பதுண்டு. குளிரில் உடல் மந்தமாகும்போது நாக்கும் மெதுவாகும்.

இந்த நாக்கின் முழுத் திறமையை அமெரிக்காவின் கிலுகிலுப்பை விரியனிடம் பார்க்கலாம். எலியின் பற்கள் பாம்பைக் காயப்படுத்தக்கூடும் என்பதால், அது கடித்த மறுகணமே எலியை விட்டுவிடுகிறது. எலி தப்பி ஓடி எங்கோ புதருக்குள் விழுந்து சாகும். பாம்பு அவசரப்படாது. சில நிமிடம் கழித்துத் தேடக் கிளம்பும்போது, நாக்கை நீட்டும் வேகம் பல மடங்கு கூடியிருக்கும். அதே பாதையில் வேறு எலிகளும் ஓடியிருக்கலாம், ஆனால் பாம்புக்குத் தான் கடித்த எலியின் தடம் தனியாகத் தெரிகிறது. கடித்த எலி, கடிக்காத எலி இரண்டையும் முன்னால் வைத்துச் செய்த சோதனைகளிலும் அது கடித்ததையே நாடியது. நஞ்சிலுள்ள ஒரு வகைப் புரதம் எலியின் வாசத்தை மாற்றிவிடுவதுதான் அதற்குக் காரணம் என்று 2013இல் கண்டறிந்தார்கள். இத்தனைக்கும் எலியைக் கொல்வதில் அந்தப் புரதத்துக்குப் பெரிய பங்கில்லை. உடலைக் கண்டதும் பாம்பு அதை நாக்கால் நெடுகத் தடவித் தலைப்பக்கத்தைத் தேடும். அதன் பிறகே வாய் திறக்கும்.