மனுக்கட்டைச் சுருக்குவது ஏன்? எப்படி?

திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் குறைதீர்க்கும் நாளில் சேரும் மனுக்களைப் போன்றதொரு பெருங்கட்டைப் பரிசீலனைக் கூட்டத்துக்காக ஒரே பக்கமாகச் சுருக்க நேர்ந்தால், தலைப்புகளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு மனுக்களை அவற்றுள் திணிக்காமல், ஐம்பது மனுக்களையேனும் நிதானமாக வாசித்து, தலைப்புகளை அவற்றிலிருந்தே எடுப்பதுதான் கிரமம்.

உதாரணத்துக்கு, 'தண்ணீர் வரவில்லை' என்று 80 மனுக்கள் வந்திருப்பதாகக் கற்பனை செய்வோம். ஆத்தூர் காமராஜர் அணையில் நீர் குறைந்து முறைநாள் தள்ளிப்போவது வேறு, குழாய் உடைந்து ஒரு தெரு மட்டும் வறண்டிருப்பது வேறு, மேட்டுப்பகுதிக்கு அழுத்தம் ஏறாமலிருப்பது வேறு. ஆகையால் புகாரின் வாசகம் ஒன்றாயினும், பரிகாரம் மாறுகிற இடத்தில் தலைப்பும் மாறவேண்டும்.

இனி எண்ணிக்கை. அந்த 80-இல் குழாய் உடைப்பைப் பற்றியவை 40 என்றும், அவற்றை எழுதியவை 12 வீடுகளே என்றும் தெரிந்தால், இரண்டையும் குறிக்கவேண்டும்: முன்னது தாமதத்தின் அளவையும், பின்னது பாதிப்பின் பரப்பையும் காட்டும். ஒரே மனுவில் இரண்டு குறைகள் இருப்பின், தலைப்புகளின் கூட்டுத்தொகை மனுக்களின் தொகையை மிஞ்சும். அதை அடிக்குறிப்பாகச் சொல்லிவிடாவிட்டால் கூட்டத்தில் கணக்கைப் பற்றியே சர்ச்சை எழும்.

எடுத்துக்காட்டாக ஆவேசமான கடிதத்தைத் தேர்வது சகஜம். எனினும், தேதியும் இடமும் தெளிவாயுள்ள சாமானியமான மனுவே அத்தலைப்புக்கு உண்மைப் பிரதிநிதி. பெயரையும் கதவிலக்கத்தையும் நீக்கிவிடுக.

'இதர' என்ற தலைப்பு பருத்துக்கொண்டே போனால் வகைப்பாடு பிழை. இன்னொருவர் அதே மனுக்களை வேறுவிதமாகப் பிரித்தால் வரையறை தெளிவில்லை. எப்படிப் பிரித்தாலும், மனுவே எழுதாதவரின் குறை இக்கணக்கில் ஒருபோதும் அகப்படாது.